அமில மாத்திரை போட்டும் காலையில் வயிறு எரிகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை, ஏன்?

முகில் | ஜனவரி 9, காலை 11.20

வார இறுதியில் குடிப்பேன், விஸ்கிதான், பெரும்பாலும் ராவாக. அன்று இரவு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் மேல்வயிறு எரியும், குமட்டும், மதியம் வரை சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்காது. நண்பர் ஒருவர் சொன்னார் என்று இப்போதெல்லாம் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. அமிலம்தான் காரணம் என்றால் மாத்திரைக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அப்படியென்றால் எது எரிகிறது?

பாண்டி | ஜனவரி 9, பகல் 12.05

அமிலம்தான், சந்தேகமே வேண்டாம். சரக்கு உள்ளே போனதும் வயிறு அமிலத்தைக் கொட்டும். எவ்வளவு ஸ்ட்ராங்கோ அவ்வளவு அமிலம். உங்கள் மாத்திரை டோஸ் பத்தவில்லை, இரண்டாகப் போடுங்கள்.

மழைக்காதலன் | ஜனவரி 9, பகல் 1.40

முதலில் கல்லீரலைப் பாருங்கள் நண்பரே. எல்எஃப்டி எடுத்தீர்களா? என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் சாப்பிடப் பிடிக்காமல் ஆரம்பித்தது, அப்புறம் கண் மஞ்சளானது.

முகில் | ஜனவரி 9, பகல் 2.10

மழைக்காதலன், டெஸ்ட் எடுத்துவிட்டேன், நார்மல். நான் கேட்பது குடித்த மறுநாள் மட்டும் வரும் எரிச்சலைப் பற்றி. மற்ற நாட்களில் நன்றாகப் பசிக்கிறது.

பாண்டி சார், இரண்டு மாத்திரை ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று.

தாமரை | ஜனவரி 9, இரவு 9.35

எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பாண்டி தம்பி சொன்னதில் பாதி சரி. பீர், ஒயின் மாதிரி நொதிக்க வைத்த பானங்கள் அமிலச் சுரப்பை நன்றாகவே தூண்டும். ஆனால் அதைத் தூண்டுவது ஆல்கஹால் மட்டுமில்லை, நொதித்தலில் உண்டாகும் சக்சினிக் அமிலம், மலெயிக் அமிலம் போன்றவையும்தான். காய்ச்சி வடிக்கும்போது இவை பின்தங்கிவிடும். அதனால் விஸ்கி, பிராந்தி, ஜின் எல்லாம் அமிலத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. ஸ்ட்ராங்காக இருந்தால் அமிலம் அதிகம் என்பது தலைகீழ்.

அப்படியானால் முகில் தம்பிக்கு எது எரிகிறது? வயிற்றின் உள்சுவர் மேல் ஒரு சளிப்படலம் உண்டு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் ஊறிக்கொண்டே இருக்கும். படலத்துக்கு மேலே பிஎச் 1, 2 என்று கடுமையான அமிலம். அடியில், செல்லைத் தொடும் இடத்தில், கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி 7. இந்த ஏற்பாட்டால்தான் வயிறு தன்னைத் தானே செரித்துக்கொள்ளாமல் இருக்கிறது.

ஆல்கஹால் மிகச் சின்ன மூலக்கூறு, தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். அதனால் சளியும் தடுக்காது, செல் சவ்வும் தடுக்காது. ஓரளவுக்கு மேல் அடர்த்தி இருந்தால் மேல்வரிசைச் செல்களையே பிய்த்துவிடும், செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான இணைப்பையும் தளர்த்திவிடும். அந்தக் காயத்துக்கு அமிலமே தேவையில்லை, ஆல்கஹால் மட்டும் போதும். அதனால்தான் மாத்திரை அங்கே உதவவில்லை. அமிலத்தின் வேலை அதற்குப் பிறகு. திறந்துகிடக்கும் இடத்தில் அது சுவருக்குள் திரும்பக் கசிகிறது. இந்தத் திரும்பக் கசிதலை 1960களில் ஹொரேஸ் டேவன்போர்ட் என்ற உடலியங்கியல் அறிஞர் சோதனைகளில் காட்டினார். உள்ளே கசிந்த அமிலம் ஹிஸ்டமினை வெளிவரச் செய்யும், நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும், சுவர் வீங்கும்.

பாண்டி | ஜனவரி 9, இரவு 10.02

அக்கா, அமில மாத்திரையால் பலனே இல்லை என்கிறீர்களா? எனக்குக் கேட்கிறதே.

தாமரை | ஜனவரி 9, இரவு 10.20

நீங்கள் என்ன குடிப்பீர்கள்?

பாண்டி | ஜனவரி 9, இரவு 10.22

பீர் மட்டும்தான்.

தாமரை | ஜனவரி 9, இரவு 10.31

அதுதான் விஷயம். உங்களுக்கு அமிலச் சுரப்பும் எதுக்களிப்பும்தான் பிரதானம், மாத்திரை கேட்கும். அவருக்கு முதல் அடி ஆல்கஹாலிடமிருந்தே விழுகிறது. இன்னொன்று, ஒமெப்ரசோல் வகை மாத்திரை உணவுக்கு அரை மணி முன்பு, தொடர்ந்து சில நாள் எடுத்தால்தான் முழுசாக வேலை செய்யும். ஒரு மாலை ஒன்று போட்டுவிட்டு உடனே பலனை எதிர்பார்க்க முடியாது.

முகில் | ஜனவரி 10, காலை 7.50

தாமரை அக்கா சொன்ன “ஓரளவுக்கு மேல் அடர்த்தி” என்பதில் இரவு முழுக்க மனம் நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

40 சதவீத விஸ்கி 60 மில்லி என்றால் உள்ளே 24 மில்லி ஆல்கஹால். 5 சதவீத பீர் 480 மில்லி குடித்தாலும் அதே 24 மில்லி. விஸ்கியோடு 180 மில்லி தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 240 மில்லி, அடர்த்தி 10 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ரத்தத்துக்குப் போகும் அளவு மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் வயிற்றுச் சுவரைத் தொடும்போது 40, 10, 5 என்று மூன்று வெவ்வேறு பொருட்கள்.

வெறும் வயிற்றில் ராவாக ஊற்றினால் கலந்து நீர்த்துப்போக உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. ஏறக்குறைய அதே 40 சுவரில் படுகிறது. இத்தனை நாள் “எத்தனை பெக்” என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோமே, எந்த அடர்த்தியில் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

தாமரை | ஜனவரி 10, மாலை 6.15

கணக்கு சரி. 10 சதவீதத்துக்கு மேல் போகப்போகத் தடுப்புச் சுவர் உடைவது தெளிவாகத் தெரியும், 40ல் நேரடியாகவே பார்க்கலாம். ராவாகக் குடித்துவிட்டு வந்தவர்களின் வயிற்றை ஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். நல்ல வயிறு இளஞ்சிவப்பாக, ஈரமாகப் பளபளக்கும். இவர்களுக்கு அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிவந்திருக்கும், கண்ணாடித் தாளுக்கு அடியில் ரத்தம் பரவி நிற்பதுபோல. மேலே புண் இருக்காது, தோலுக்கடியில் மட்டும் ரத்தம். துணுக்கு எடுத்து அனுப்பினால் அழற்சி அணுக்கள் எதிர்பார்த்த அளவு இருக்காது என்பார்கள். காயம் முக்கியமாக நுண்ணிய ரத்தக்குழாய்களில்தான்.

ஆனால் தண்ணீர் கலந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுச் சுவரில் விழும் அடி மட்டும்தான் குறையும். உணவுக்குழாயின் கீழ் வால்வு தளர்வது, கல்லீரலுக்குப் போகும் சுமை இதெல்லாம் மொத்த அளவைப் பொறுத்தது. கலந்து குடிப்பதால் எளிதாக இறங்குகிறது என்று இன்னும் இரண்டு ஊற்றினால் ஒரு லாபமும் இல்லை.

மழைக்காதலன் | ஜனவரி 10, இரவு 8.00

அப்போ குடிக்கும் முன் பால் குடித்தால் சளிப்படலம் மாதிரி ஒட்டிக்கொள்ளுமே? வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

தாமரை | ஜனவரி 10, இரவு 8.40

ஒட்டாது. பால் வயிற்றில் திரிந்து மற்ற உணவோடு கலந்துவிடும். முதல் சில நிமிடம் இதமாக இருக்கும், அப்புறம் அதிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தைத் தூண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பது உதவும். படலம் போடுவதால் இல்லை, ஆல்கஹால் நீர்த்துப்போவதாலும் மெதுவாகக் குடலுக்கு இறங்குவதாலும்.

முகில் | ஜனவரி 12, இரவு 10.10

ஒரு கேள்வி பாக்கி. காயம் இரவு 9 மணிக்கே ஏற்படுகிறது என்றால் எனக்கு ஏன் காலை 7 மணிக்கு எரிகிறது?

நானே யோசித்ததை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். இரவில் போதையே வலியை மழுங்கடிக்கிறது, சாப்பாடும் உள்ளே இருக்கிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவு, படுத்திருப்பதால் அமிலம் மேலே ஏறுவதும் எளிது. விடியும்போது வயிறு காலி. அமிலத்துக்குக் கலக்க உணவு இல்லை, நேராகப் புண்பட்ட சுவரில் நிற்கிறது. போதையும் இறங்கிவிட்டது. ஆக, இரவே விழுந்த அடி காலையில்தான் உறைக்கிறது.

தாமரை | ஜனவரி 13, காலை 6.30

பெரும்பாலும் சரி. பசியின்மைக்கும் குமட்டலுக்கும் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தியான ஆல்கஹால் வயிறு காலியாவதையே தாமதப்படுத்தும். சில நாள் நேற்றைய சாப்பாட்டின் மிச்சம் காலையிலும் கிடந்தால் வயிறு இன்னும் நிறைந்திருப்பதாகவே மூளைக்குச் செய்தி போகும். எரிச்சலடைந்த சுவரிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக வாந்தி மையத்துக்கும் செய்தி போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் உணவின் வாசனையே புரட்டும்.

ஆனால் காலைக் குமட்டலில் எவ்வளவு வயிற்றால், எவ்வளவு உடம்பு முழுக்க நடக்கும் மாற்றங்களால் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தூக்கக் கெடுதி, நீரிழப்பு, ரத்தச் சர்க்கரை இறங்குவது எல்லாம் கலந்துதான் வரும். உடம்பு ஆல்கஹாலை உடைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடுதான் காரணம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு விடியும்போது அது ரத்தத்தில் கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும். அதை உடைக்கும் நொதி பிறவியிலேயே பலவீனமாக இருப்பவர்களுக்கு வேறு கதை. அவர்களுக்குக் குடிக்கும்போதே முகம் சிவந்து குமட்டும்.

நெய்தல் | ஜனவரி 13, பகல் 3.25

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். என் கதை ஒருவருக்காவது உதவட்டும்.

எனக்கும் மறுநாள் தலைவலி பலமாக வரும். வராமல் இருக்கட்டும் என்று குடித்துவிட்டுப் படுக்கும் முன்பே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்வேன். சில சமயம் இரண்டு. காலையில் தலை லேசாக இருக்கும், வயிறுதான் எரியும். எரிச்சலுக்கு ஒரு திரவ மருந்து. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மலம் தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று, தாங்கமுடியாத நாற்றத்தோடு போனது. முன்தினம் சாப்பிட்டது ஏதோ என்று விட்டுவிட்டேன். அதற்குள் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பாதாளத்தில். எண்டோஸ்கோபியில் வயிறெங்கும் சின்னச் சின்ன அரிப்புகள், ஒன்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வலி என்று பெரிதாக எதுவுமே இல்லை. அதுதான் இன்றும் நம்ப முடியவில்லை.

தாமரை | ஜனவரி 13, இரவு 9.10

நெய்தல், நல்லவேளை போய்ப் பார்த்தீர்கள். இதை எழுதியதற்கு நன்றி, எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

சளியும் பைகார்பனேட்டும் ஊறவும், சுவருக்கு ரத்தம் பாயவும் உத்தரவு கொடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எல்லாம் வலியைக் குறைப்பதே அந்தப் பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான். ஆல்கஹால் படலத்தைக் கிழிக்கிறது, மாத்திரை அதைத் தைக்க விடாமல் செய்கிறது. அதுவும் படுக்கும் முன், சாப்பாடு இல்லாமல், ஒரு வாய்த் தண்ணீரில். 1979இல் ஆண்ட்ரே ராபர்ட் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு முன்கூட்டியே புரோஸ்டாகிளாண்டின் கொடுத்துவிட்டு, நீர்க்காத ஆல்கஹாலை வயிற்றில் செலுத்திப் பார்த்தார். வயிறு தப்பித்தது. அமிலத்தைக் குறைக்காத சிறிய அளவே போதுமாயிருந்தது. முகில் தம்பியின் முதல் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

தலைவலிக்குப் பாரசிட்டமால் வயிற்றுக்குச் சாது. ஆனால் அடிக்கடி குடிப்பவர்களுக்கு, சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு, கல்லீரலில் வேறு சிக்கல். எவ்வளவு போடலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

முகில் | ஜனவரி 14, காலை 8.05

நெய்தல் சொன்ன “வலி இல்லை” என்பதைப் படித்தபோது அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் ஞாபகம் வந்தார். 1822இல் மிச்சிகனின் மேக்கினா தீவில் துப்பாக்கிச் சூட்டில் அடிபட்ட விலங்குத் தோல் வணிகத் தொழிலாளி. வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்த ஓட்டை வழியாகப் பல வருடம் வயிற்றுக்குள் பார்த்துக் குறிப்பெழுதி 1833இல் வெளியிட்டார். எட்டுப் பத்து நாள் நன்றாகக் குடித்திருந்த ஒரு சமயத்தில் உள்சுவர் சிவந்து, புண்திட்டுகளோடு இருந்ததைப் பதிவு செய்கிறார். அதே குறிப்பில், அந்த மனிதர் வலி இல்லை, நன்றாகப் பசிக்கிறது என்று சொன்னதாகவும் எழுதுகிறார்.

எரிச்சல் இல்லாத காலை, காயமில்லாத காலை என்று அர்த்தமில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. “எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று சொல்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

பாண்டி | ஜனவரி 14, காலை 9.30

அப்போ காயம் தானாக ஆறாதா?

தாமரை | ஜனவரி 14, பகல் 1.15

ஆறும், ஆச்சரியமான வேகத்தில். மேலோட்டமாக உரிந்திருந்தால் பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து சில மணி நேரத்திலேயே மூடிவிடும். மேல்வரிசை முழுக்கப் புதிதாக மாற மூன்று முதல் ஐந்து நாள். வாரம் ஒருமுறை குடிப்பவருக்கு ஆறிவிட நேரம் இருக்கிறது. தினமும் குடிப்பவருக்கு ஆறுவதற்குள் அடுத்த அடி.

இரவுப்பறவை | ஜனவரி 16, அதிகாலை 5.10

தினமும் குடிக்கிறேன். காலையில் பல் தேய்க்கும்போதே ஓங்கரிக்கும், வெறும் மஞ்சள் தண்ணீராக வரும். கை லேசாக நடுங்கும். ஆனால் ஒரு சின்ன பெக் போட்டால் பத்து நிமிடத்தில் குமட்டல் நின்றுவிடுகிறது, பிறகுதான் சாப்பிடவே முடிகிறது. ஆல்கஹால் வயிற்றைக் கெடுக்கிறது என்கிறீர்கள், எனக்கு அதுதான் சரிசெய்கிறது. இது எந்த வகை?

பாண்டி | ஜனவரி 16, காலை 7.45

பழகிய வயிறு தோழர், சிலருக்கு அப்படித்தான்.

தாமரை | ஜனவரி 16, காலை 8.20

பாண்டி தம்பி, இதை அப்படி விடக்கூடாது.

இரவுப்பறவை, வயிறு புண்ணாக இருந்தால் இன்னொரு பெக் அதை இன்னும் எரிய வைக்க வேண்டும். உங்களுக்கு அடங்குகிறது, கூடவே கை நடுக்கமும் இருக்கிறது. இரவு கடைசியாகக் குடித்து சில மணி நேரமானதும் நரம்பு மண்டலம் ஆல்கஹாலைக் கேட்கிறது. அந்தக் காலைக் குமட்டல் பெரும்பாலும் அதனுடைய அறிகுறி. வயிறும் புண்ணாக இருக்கலாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதை இல்லை.

இதைப் படித்துவிட்டு இன்றே தானாக நிறுத்திவிட வேண்டாம். உங்கள் நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், குழப்பமும் பிதற்றலும் அதற்குப் பிறகும் வரலாம். டாக்டரிடம் போய், தினமும் எவ்வளவு, காலை பெக், கை நடுக்கம் என்று மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்த முடியும். தயாமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள்.

இரவுப்பறவை | ஜனவரி 16, இரவு 11.40

வீட்டில் சொல்லிவிட்டேன். திங்கள்கிழமை போகிறோம்.

நெய்தல் | ஜனவரி 17, காலை 10.00

நல்ல முடிவு. ஓங்கரிப்பில் ரத்தம் வந்தால் திங்கள்வரை காத்திருக்காதீர்கள். பலமாக ஓங்கரித்தால் உணவுக்குழாயும் வயிறும் சேரும் இடம் கிழிந்து ரத்தம் வரும் என்று என்னைப் பார்த்த டாக்டர் சொன்னார். காபித்தூள் மாதிரி வாந்தி, கருப்பு மலம், முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலி, எது வந்தாலும் அப்போதே அவசர சிகிச்சைக்கு.

முகில் | ஜனவரி 27, இரவு 9.00

ராவாகக் குடிப்பதை நிறுத்திவிட்டேன். சாப்பிட்ட பிறகுதான், மூன்று பங்கு தண்ணீரோடு, முன்பைவிடக் குறைவாக. காலையில் மேல்வயிறு எரிவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் அப்படியே. தாமரை அக்கா சொன்ன வால்வு விஷயம்தான் போல. குடிக்காத வாரத்தில் இரண்டும் இல்லை.

டாக்டரிடமும் போனேன். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனை எழுதியிருக்கிறார். குடிப்பவர்களின் நாள்பட்ட வயிற்று அழற்சியில் பல சமயம் உண்மையான காரணம் அந்தக் கிருமிதானாம். பழியை மட்டும் சரக்கு சுமக்கும் என்றார்.

பாண்டி | ஜனவரி 27, இரவு 9.20

அப்போ கிருமிக்கு மருந்து சாப்பிட்டால் ராவாகவே குடிக்கலாமா?

முகில் | ஜனவரி 27, இரவு 9.26

இல்லை. கிருமி போனாலும் 40 சதவீதம் 40 சதவீதம்தான்.

தாமரை | ஜனவரி 28, காலை 6.45

முகில் தம்பி, ஒரு விஷயம். அமில மாத்திரை இன்னும் போடுகிறீர்களா? போட்டுக்கொண்டே மூச்சுப் பரிசோதனைக்குப் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். ஒமெப்ரசோல் வகையை இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்திருந்தால் நான்கு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

முகில் | ஜனவரி 28, காலை 7.30

போன வெள்ளிதான் ஒன்று போட்டேன். பரிசோதனை நாளை மறுநாள். இப்போதே போன் செய்து மாற்றிவிடுகிறேன் அக்கா.